சொன்னவரே சிரிக்கலாமா?

“ஒரு ஜோக் சொல்றேன், கேளுங்க” என்று தொடங்குவார். பாதி தாண்டுவதற்குள் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருங்க, இருங்க, முழுசாச் சொல்லிடறேன்” என்பார். மறுபடியும் சிரிப்பு. கடைசி வரி சிரிப்போடு சிரிப்பாகக் கரைந்துபோக, சுற்றியிருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அதே வீட்டில் இன்னொருவரும் இருப்பார். ஓரமாக உட்கார்ந்து, முகத்தில் எதையும் காட்டாமல் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். கூடமே அதிரும்.

இந்த இருவரையும் பார்த்துப் பார்த்துத்தான் “தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கக் கூடாது” என்ற விதி நம்மிடம் நிலைத்துவிட்டது. மேடைக்கு அது பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் வீட்டுத் திண்ணை, டீக்கடை, அலுவலக கேண்டீன் ஆகிய இடங்களில் மனிதர்கள் உண்மையில் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. சொன்னவர் சிரிப்பது குறையே அல்ல. பேச்சில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் விழுகிறது, யார் முன்னால் விழுகிறது என்பதில்தான் ஜோக்கின் வாழ்வும் சாவும்.

பேசுகிறவர்தான் அதிகம் சிரிக்கிறார்

ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் பணியாற்றியவர். சிரிப்பை ஆராய முதலில் அவர் செய்தது, ஆட்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து நகைச்சுவைப் படம் போட்டுக் காட்டியதுதான். அங்கே யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. அதனால் அவரும் அவருடைய மாணவர்களும் வணிக வளாகங்களுக்கும் கல்லூரி நடைபாதைகளுக்கும் போனார்கள். மனிதர்கள் இயல்பாகப் பேசிச் சிரிக்கும் தருணங்களைக் கவனித்துக் குறித்துக்கொண்டார்கள். சிரிப்புக்குச் சற்று முன் என்ன பேசப்பட்டது, யார் பேசினார்கள், யார் சிரித்தார்கள் என்று 1200 தருணங்கள் சேர்ந்தன. முடிவுகள் 1993இல் வெளியாயின.

இரண்டு விஷயங்கள் வியப்பளித்தன. ஒன்று, கேட்பவரைவிடப் பேசுபவர் 46 சதவீதம் அதிகமாகச் சிரித்தார். இரண்டு, சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்டவற்றில் 10 முதல் 20 சதவீதம்தான் ஏதோ ஒரு விதத்தில் வேடிக்கையாக இருந்தன. மற்றவை எல்லாம் “சரி, அப்புறம் பார்ப்போம்”, “நிஜமாவா சொல்றே?” போன்ற சாதாரணப் பேச்சுகள். ஜோக் என்று எதுவுமே இல்லாத இடத்தில்தான் நாம் பெரும்பாலும் சிரிக்கிறோம். அதிலும் பேசுகிறவரே முந்திக்கொள்கிறார்.

ஜோக்கைக் கேட்டுச் சிரிப்பு வருவது எதிர்பாராத திருப்பத்தால் என்று வைத்துக்கொண்டால், சொல்கிறவருக்கு அது வரக் கூடாது. முடிவு அவருக்கு ஏற்கெனவே தெரியும். சிக்மண்ட் பிராய்ட் 1905இல் நகைச்சுவை பற்றி எழுதிய நூலில் இந்தப் புதிரைத் தொட்டார். ஜோக்கை உருவாக்குகிறவரால் அதற்குத் தனியே சிரிக்க முடியாது, அதைக் கேட்க இன்னொருவர் தேவை, அந்த ஆள் சிரிப்பதைப் பார்த்துத்தான் சொன்னவரும் சிரிக்கிறார் என்பது அவர் வாதம்.

புரொவைனின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. சொல்கிறவரின் சிரிப்பு திருப்பத்துக்கான எதிர்வினை அல்ல. எதிரில் இருக்கும் மனிதருக்கு அனுப்பும் குறிப்பு அது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் நாம் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்பதையும் புரொவைன் மாணவர்களின் நாட்குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டார். ஆள் இருந்தால்தான் சிரிப்பு. “நான் விளையாட்டாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே, நாம் ஒரே பக்கம்தான்” என்பதையெல்லாம் சொல்லால் சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும். சின்னச் சிரிப்பு ஒன்று அதைச் சுளுவாகச் சொல்லிவிடுகிறது. நண்பனின் புதுச் சட்டையைக் கிண்டல் செய்துவிட்டுச் சிரிக்காமல் நின்றால் அவன் முகம் மாறும். சிரித்துவிட்டால் அவனும் சிரிப்பான்.

சிரிப்பு ஓர் அழைப்பு

இந்தக் குறிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை மிக நெருக்கத்தில் பார்த்தவர் கெயில் ஜெஃபர்சன். உரையாடல் ஒலிப்பதிவுகளை நுணுக்கமாக எழுத்தில் வடிக்கும் முறையை உருவாக்கிய அமெரிக்க ஆய்வாளர். அதுவரை ஒலிப்பதிவை எழுதுகிறவர்கள், யாராவது சிரித்தால் ‘சிரிக்கிறார்’ என்று மட்டும் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஜெஃபர்சன் ஒவ்வொரு ‘ஹ’வையும், அது எந்தச் சொல்லின் எந்த எழுத்துக்குப் பின் விழுந்தது என்பதையும் எழுதினார்.

அப்படி எழுதியதில் அவருக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றை 1979இல் வெளியிட்டார். ஒருவர் ஒன்றைச் சொல்லி முடிக்கிறார். முடித்த கையோடு ஒரு சின்னச் சிரிப்பை வைக்கிறார். உடனே கேட்பவர் சிரிக்கிறார். சொன்னவரின் சிரிப்பு அங்கே ஓர் அழைப்பு. அந்த அழைப்பை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுப்பவர் பேசாமல் இருந்துவிட மாட்டார். பேசாமல் இருந்தால் சொன்னவர் இன்னொரு முறை சிரித்து மறுபடி அழைப்பார். எனவே மறுக்க நினைப்பவர், சொன்ன விஷயத்தையே பிடித்து நிதானமாக ஏதாவது பேசத் தொடங்கிவிடுவார். “ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேக்கறாரு, ஹஹ” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் “எங்கேருந்து எங்கே?” என்று கேட்டுவிட்டால் சிரிப்பின் வாசல் அங்கேயே மூடிவிட்டது.

இதற்கு அடுத்து ஃபிலிப் கிளென் என்ற ஆய்வாளர் கண்டது நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் தருகிறது. இரண்டு பேர் மட்டும் பேசும்போது பெரும்பாலும் சொன்னவர்தான் முதலில் சிரிக்கிறார். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிலைமை தலைகீழ். அங்கே சொன்னவர் அல்லாத வேறொருவர்தான் பெரும்பாலும் முதலில் சிரிக்கிறார்.

காரணம் யோசித்தால் புரியும். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் சிரிப்பைத் தொடங்கி வைக்க வேறு ஆள் கிடையாது. சொன்னவர் சிரிக்காவிட்டால், இது விளையாட்டா வினையா என்று எதிரில் இருப்பவர் தடுமாறுவார். நாலு பேர் இருக்கும் இடத்தில் அந்த வேலையைச் செய்ய ஆள் உண்டு. அங்கே சொன்னவரே முதலில் சிரித்தால், தன் சரக்கைத் தானே மெச்சிக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது. திண்ணையில் நண்பனிடம் இயல்பாக இருந்த சிரிப்பு, கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் முன்னால் ஏன் அசட்டுச் சிரிப்பாகத் தெரிகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். மனிதர் அதே மனிதர்தான், சபைதான் மாறிவிட்டது.

மூச்சு ஒன்றுதான்

சிரிப்பு ஜோக்கைக் கெடுப்பதற்கு உடல்ரீதியான காரணமும் இருக்கிறது. பேசுவதும் சிரிப்பதும் ஒரே மூச்சில் நடப்பவை. நாம் மூச்சை வெளியே விடும்போதுதான் பேசுகிறோம். சிரிக்கும்போதும் வெளியே விடும் அதே மூச்சைத்தான் துண்டு துண்டாக நறுக்குகிறோம். ஒவ்வொரு ‘ஹ’வும் ஒரு துண்டு. ஒரு துண்டு தொடங்கி அடுத்த துண்டு தொடங்க ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது என்று புரொவைன் அளந்து சொன்னார். நெஞ்சுத் தசைகளும் உதரவிதானமும் இப்படித் துடிக்கும்போது அவற்றால் ஒரு சொல்லைத் தாங்கி நிறுத்த முடியாது. குரல் மேலே ஏறும், மெய்யெழுத்து நழுவும், சொல் பாதியில் ஒடியும்.

சாதாரணப் பேச்சில் இந்த மோதல் வருவதில்லை. பேசுபவரின் சிரிப்பு வாக்கியத்தின் நடுவே விழுவது மிக அரிது என்றும், முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் விழக்கூடிய இடங்களிலேயே அது விழுகிறது என்றும் புரொவைன் கவனித்தார். மூளை முதலில் சொல்லுக்கு வழிவிட்டு, பிறகு சிரிப்பை அனுப்புகிறது. ஜோக் சொல்லும்போதோ இந்த ஒழுங்கு குலைகிறது. முடிவு நமக்குத் தெரியும், அதை நெருங்க நெருங்கச் சிரிப்பு முந்துகிறது. ஜோக்கின் உயிர் இருப்பதும் அந்த முடிவில்தான்.

வார இதழ்களில் வரும் டாக்டர் ஜோக் வகையில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

“டாக்டர், ராத்திரியானா கண்ணை மூடவே பயமா இருக்கு. பொட்டுத் தூக்கம் கிடையாது.”

“சரி, என்ன வேலை பாக்கறீங்க?”

“பேங்க்ல நைட் வாட்ச்மேன், டாக்டர்.”

முதல் இரண்டு வரிகளில் சிரிக்க ஒன்றுமில்லை. நோயாளி, டாக்டர், தூக்கமின்மை அவ்வளவுதான். மூன்றாவது வரியில் ‘நைட் வாட்ச்மேன்’ என்ற சொல் விழுந்த பிறகுதான் முதல் வரி வேறு அர்த்தத்தில் திரும்பிப் பார்க்கிறது. தூக்கம் வராதது அவருக்கு நோய் அல்ல, சம்பளம்! இந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் ஜோக் என்று ஒன்றும் மிஞ்சாது. இதைச் சொல்கிறவர் “பேங்க்ல...” என்றதும் சிரிக்கத் தொடங்கினால், “நை... ஹஹஹ... வாச்... ஹஹ” என்றுதான் கேட்கும். கேட்பவர் “என்ன, என்ன?” என்பார். மறுபடி சொல்வார்கள். இரண்டாம் முறை அந்தச் சொல் தெளிவாகவே காதில் விழும். ஆனால் வாட்ச்மேன் வரப்போகிறார் என்பது அதற்குள் பாதி தெரிந்துவிட்டது. அர்த்தம் புரட்டிப் போடப்படும் அந்தக் கணம் போய்விட்டது, இனி திரும்பாது.

முன்கூட்டியே சிரிப்பது இன்னொரு தீங்கும் செய்கிறது. ‘இதோ வருகிறது’ என்று கேட்பவரை அது உஷார்ப்படுத்துகிறது. உஷாரான ஆள் முடிவை யூகிக்கத் தொடங்குவார். யூகித்துவிட்டால் ஜோக் செத்தது. யூகிக்காவிட்டாலும், இவ்வளவு சிரிக்கிறாரே என்று அவர் எதிர்பார்ப்பு ஏறிவிடும். வாட்ச்மேன் ஜோக் ஒரு புன்னகைக்குப் போதுமான ஜோக். கண்ணீர் வரச் சிரிக்கும் அளவுக்கு அதில் சரக்கு கிடையாது.

ட்வைன் சொன்னதும் காட்டியதும்

சொல்கிறவர் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதப்பட்டவற்றில் இன்றும் படிக்கத்தக்கது, மார்க் ட்வைன் 1895இல் கதை சொல்லும் கலை பற்றி எழுதிய சிறு கட்டுரை. அமெரிக்கா முழுக்க மேடைகளில் ஆயிரக்கணக்கானோரைச் சிரிக்க வைத்தவர் அவர். வேடிக்கைக் கதையைச் சொல்கிறவர், அதில் வேடிக்கை இருப்பதாகத் தனக்குச் சந்தேகம்கூட இல்லாததுபோல் இருக்க வேண்டும் என்கிறார். மட்டமான கதைசொல்லி எப்படி இருப்பான் என்பதையும் விவரிக்கிறார். இதுபோல் வேடிக்கையான கதையை நான் கேட்டதே இல்லை என்று முதலிலேயே அறிவிப்பான், ஆசையாகச் சொல்வான், முடித்ததும் முதல் ஆளாகச் சிரிப்பான், முடிவு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பாராட்டு வசூலிப்பான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நாம் எல்லோரும் அறிந்த விதியாகவே அது போயிருக்கும். ட்வைன் ஓர் எடுத்துக்காட்டும் தருகிறார். அதில்தான் விஷயமே இருக்கிறது.

கதை இது. போர்க்களத்தில் ஒரு சிப்பாயின் கால் குண்டடிபட்டுப் போய்விடுகிறது. தன்னைப் பின்வரிசைக்குத் தூக்கிச் செல்லும்படி இன்னொரு சிப்பாயைக் கெஞ்சுகிறான். அவனும் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். வழியில் ஒரு பீரங்கிக் குண்டு வந்து தோளில் இருப்பவனின் தலையைக் கொண்டுபோய்விடுகிறது. தூக்கிப் போகிறவனுக்கு இது தெரியாது. எதிரே வந்த அதிகாரி, அந்தப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாய் என்று கேட்க, இவனுக்குக் கால் போய்விட்டது ஐயா, பின்னால் கொண்டுபோகிறேன் என்கிறான். காலா? தலையல்லவா போயிருக்கிறது என்று அதிகாரி சொன்னதும், சிப்பாய் சுமையை இறக்கிப் பார்க்கிறான். கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் என்னிடம் கால் என்றுதானே சொன்னான் என்கிறான்.

இதை நேராகச் சொன்னால் ஒன்றரை நிமிஷம், சொல்லவும் தகுதியில்லாத கதை என்பது ட்வைனின் கணிப்பு. ஆனால் ஜேம்ஸ் விட்கோம்ப் ரைலி என்ற கவிஞர் இதே கதையை மேடையில் பத்து நிமிஷம் சொல்வாராம். அவர் அதைத் தானாக நின்று சொல்வதில்லை. மந்தமான ஒரு கிழட்டு விவசாயியாக மாறிச் சொல்வார். அந்த விவசாயி இந்தக் கதையை இப்போதுதான் முதல்முறை கேட்டிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லத் துடிக்கிறார், ஆனால் சரியாக ஞாபகம் இல்லை. சம்பந்தமில்லாத விவரங்களைச் சேர்க்கிறார், பிறகு அதை எடுக்கிறார். விட்டுப்போனதைச் சொல்லத் திரும்பிப் போகிறார். அடிபட்ட சிப்பாயின் பெயர் என்ன என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, பெயரைத் தனக்கு யாரும் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வர, அது முக்கியமில்லை என்று நிம்மதியாகத் தொடர்கிறார்.

அந்த விவசாயி நெடுகச் சிரிப்பின் விளிம்பிலேயே இருக்கிறார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அடிக்கடி நிறுத்தி, வெடித்துவிடாமல் தன்னை அடக்கிக்கொள்கிறார். அடக்கியும் விடுகிறார். ஆனால் உள்ளே குலுங்கும் சிரிப்பில் அவர் உடம்பெல்லாம் அதிர்கிறது. பத்து நிமிஷம் முடியும்போது சபை கண்ணீர் வழியச் சிரித்து ஓய்ந்திருக்கும் என்று ட்வைன் எழுதுகிறார்.

சிரிக்கவே கூடாது என்று சொன்னவர், சிரிப்பில் குலுங்கும் ஒரு மனிதரைச் சிறந்த எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். இதில் முரண் இல்லை. ரைலியின் மேடையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கதையை வேடிக்கை என்று நினைப்பவர் விவசாயி. தன்னைச் சபை பார்த்துச் சிரிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ரைலிக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் சிரிப்பதே இல்லை. அதைவிட முக்கியம், விவசாயியின் சிரிப்பு அடக்கப்பட்ட சிரிப்பு. அது சொல்லைத் தின்னாது. ஒவ்வொரு சொல்லும் சபைக்குத் தெளிவாகப் போய்ச் சேர்கிறது. அடக்குவதைப் பார்க்கிறவர்களுக்கு, அவர் அடக்குவதைத் தாங்கள் வெளியே விட்டால்தான் நிம்மதி என்றாகிவிடுகிறது.

நம் திரையில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சி தெரியாத தமிழர் குறைவு. இரண்டு பழம் வாங்கிவரப் போன செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி கேட்க, கையில் இருக்கும் பழத்தைக் காட்டி அதுதான் இது என்கிறார். செந்தில் முகத்தில் குறும்பு கிடையாது. ஒரு கணக்கை நேர்மையாக ஒப்படைக்கும் அப்பாவி முகம்தான். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில், அதே முகம். அவர் இதழ்க்கடையில் ஒரு சின்னச் சிரிப்பு தெரிந்திருந்தால், வேண்டுமென்றே ஏய்க்கிறார் என்று ஆகியிருக்கும். கவுண்டமணியின் கோபம் நியாயமான கோபமாக மாறி, நமக்குச் சிரிப்பு வராமல் போயிருக்கும். மௌனப்பட நாயகன் பஸ்டர் கீட்டன் சிறுவனாக மேடையேறிய காலத்திலேயே இதைக் கண்டுகொண்டவர். அப்பா அவரை மேடையில் தூக்கி வீசுவார். விழுந்து எழுந்து தான் சிரித்தால் சபை அவ்வளவாகச் சிரிப்பதில்லை, முகத்தை இறுக்கமாக வைத்தால் சிரிக்கிறது என்று கவனித்தார். சிரிக்காத அந்த முகம்தான் கடைசிவரை அவருடைய அடையாளமாக இருந்தது.

சொந்தக் கதைக்கு வேறு கணக்கு

மேலே சொன்னவை எல்லாம் கட்டிய ஜோக்குக்கும் நடிப்புக்கும் உரியவை. நாம் அன்றாடம் சொல்வதில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல, நமக்கு நடந்ததுதான். அங்கே சிரிப்பின் கணக்கு வேறு.

ஒரு சித்தப்பா தவறான கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்ட கதையைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம், இரண்டிலும் முகூர்த்தம். இவர் நுழைந்து, 501 ரூபாய் மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வருகிறார். வாசலில் கொடுத்த தாம்பூலப் பையில் பார்த்தால் பொண்ணு பேரும் வேறு, மாப்பிள்ளை பேரும் வேறு. இதைச் சொல்லும்போது அவர் நான்கு இடங்களில் சிரிக்கக்கூடும்.

முதல் சிரிப்பு தொடக்கத்தில். “நேத்து நான் பண்ண கூத்தைக் கேட்டா நீங்க விழுந்து விழுந்து சிரிப்பீங்க, ஹஹ.” இது கெடுக்கும். கடன் வாங்கிய சிரிப்பு அது, கதை முடிவதற்குள் வட்டியோடு அடைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, பாயசத்தில். “ரெண்டாவது தடவை நானே கூப்பிட்டுக் கேட்டு வாங்கினேன்” என்று சொல்லி மெல்லச் சிரிக்கிறார். இது உதவும். முடிவு இங்கே வெளிப்படவில்லை. தன் அசட்டுத்தனத்தை அவரே மன்னித்துவிட்டார் என்று மட்டும் தெரிகிறது. அவரைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று தயங்கும் அண்ணன் மகளுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. மூன்றாவது, பையில். “பையைத் திருப்பிப் பாத்தா... ஹஹஹ...” இங்கேதான் கதை கவிழும். வாட்ச்மேனுக்கு நேர்ந்ததேதான் பெயருக்கும் நேரும். நான்காவது, எல்லாம் முடிந்து வீடே சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரிப்பது. இதில் ஒரு குறையும் இல்லை. அங்கே சிரிக்காமல் இறுகி உட்கார்ந்திருந்தால்தான், மனசு புண்பட்டுவிட்டதோ என்று மற்றவர்கள் சிரிப்பை நிறுத்துவார்கள்.

ஆக, நடந்ததைச் சொல்கிறவருக்குச் சிரிக்க உரிமை உண்டு. அந்த நேரம் அவருக்கு மறுபடி கண்ணில் நிற்கிறது, சிரிப்பு நினைவிலிருந்து வருகிறது. கேட்பவர்களுக்கும் அது தெரியும். எங்கோ படித்த ஜோக்கைச் சொல்லிவிட்டுச் சிரிப்பதில் இந்த நியாயம் இல்லை.

நிஜச் சிரிப்புக்கும் வரவழைத்த சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மனிதக் காது எளிதில் பிடித்துவிடும். உலகின் 21 சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்கு இருவகைச் சிரிப்பொலிகளையும் போட்டுக்காட்டிய ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. மொழி தெரியாதவர்களின் சிரிப்பையும் பெரும்பாலும் சரியாகவே பிரித்துச் சொன்னார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த சோஃபி ஸ்காட் குழுவினர் 2019இல் இன்னொன்றைச் செய்தார்கள். சாதாரணமான மொக்கை ஜோக்குகளைப் பதிவுசெய்து, ஒவ்வொன்றின் முடிவிலும் சிரிப்பொலியைச் சேர்த்துக் கேட்கவைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். எந்தச் சிரிப்பைச் சேர்த்தாலும் மதிப்பெண் கூடியது. தானாக வந்த சிரிப்பைச் சேர்த்தபோது இன்னும் கூடியது. அது கேட்பவர் தரப்புச் சிரிப்பு, சொன்னவருடையது அல்ல என்பதை மறக்கக் கூடாது. என்றாலும் இரண்டு பாடம் இருக்கிறது. சிரிப்பு முடிவுக்குப் பின் வந்தால் ஜோக்குக்கு நல்லது. நிஜமாக வந்தால் இன்னும் நல்லது. யாரும் சிரிக்காதபோது இடைவெளியை நிரப்ப நாமே சிரிக்கும் சிரிப்பு வரவழைத்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அங்கே செய்ய வேண்டியது அடுத்த பேச்சுக்குப் போவதுதான். முடிவு வரியைத் திரும்பச் சொல்வது தோல்வியை நீட்டுவதாகும்.

நடைமுறைக்கு இதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கடைசிச் சொல் முழுதாக வெளியே போகும்வரை மூச்சைச் சொல்லுக்கே கொடுங்கள். நாலு பேர் இருந்தால் முதல் சிரிப்பை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஒருவர்தான் எதிரில் இருக்கிறார் என்றால் நீங்களே தொடங்கலாம். சிரிப்பை அடக்க முடியாதவர் என்றால் கட்டிய ஜோக்கை விட்டுவிட்டு, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே உங்கள் சிரிப்பு கதைக்குத் துணை.

கூடச் சிரிக்கக் கூடாத சிரிப்பு

கேட்பவருக்கும் ஒரு பாடம் உண்டு. அதையும் ஜெஃபர்சன்தான் தந்தார். மனிதர்கள் தங்கள் கஷ்டங்களைச் சொல்லும் உரையாடல்களை எழுதி ஆராய்ந்து 1984இல் அவர் வெளியிட்டது இது. துன்பத்தைச் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டு அடிக்கடி சிரிக்கிறார்கள். அதே சின்னச் சிரிப்பு, அதே இடத்தில். ஆனால் அங்கே கேட்பவர்கள் பெரும்பாலும் சேர்ந்து சிரிப்பதில்லை. சொன்ன கஷ்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தச் சிரிப்பு அழைப்பு அல்ல. “இதை நான் தாங்கிக்கொள்வேன்” என்று தைரியம் காட்டுவது. ஜோக்குக்கு வந்த சிரிப்பை மறுப்பது மரியாதைக் குறைவு. இங்கே சிரிப்பை ஏற்பதுதான் மரியாதைக் குறைவு.

“ரெண்டு மாசமா சம்பளம் வரலடா, ஹஹ”, “டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காரு, ஹஹ” என்று யாராவது சொன்னால் பழக்கதோஷத்தில் நாமும் சிரித்துவிடக்கூடும். கூடச் சிரித்துவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அவர் அடுத்து வேறெதையோ பேசுவார். சிரிக்காமல், “என்னாச்சு? சொல்லு” என்று கேளுங்கள். சொல்ல வந்ததை அவர் முழுதாகச் சொல்வார்.